ஃபேமிலி ஃப்ளோட்டரா, ஆளுக்கொரு பாலிசியா: மச்சான் வீட்டு ரின்யூவல் கணக்கு

போன மாசம் மச்சான் ஃபோன் பண்ணாரு. "மாப்ள, ஹெல்த் இன்சூரன்ஸ் ரின்யூவல் நோட்டீஸ் வந்திருக்கு, 1,12,000 கட்டச் சொல்றான், ஆறு பேருக்கு மொத்தமே பத்து லட்சம் கவர்தான், இது நியாயமா"ன்னு கேட்டாரு. ஏஜென்ட்டைக் கேட்டா "சார் ஃபேமிலி ஃப்ளோட்டர்தான் எப்பவுமே சீப்பு, தனித்தனியா போனா இன்னும் ஏறும்"னு சொல்லிருக்காரு. ஆபீஸ்ல ஒருத்தர் "தனித்தனியா எடுங்க, நாலு பேருக்கு மேல எடுத்தா டிஸ்கவுண்ட் இருக்கு"ன்னு சொல்லிருக்காரு. ரெண்டு பேரும் பொய் சொல்லல, ஆனா ரெண்டு பேருமே பாதிதான் சொன்னாங்க.

ஞாயித்துக்கிழமை அவர் வீட்டுக்குப் போயி, உக்காந்து ஒரு கல்யாணப் பத்திரிகை கவரோட பின்பக்கத்துல கணக்குப் போட்டோம். அதை அப்படியே இங்க எழுதுறேன், ஏன்னா இதே கேள்விய எங்கிட்ட இதுவரைக்கும் நாலஞ்சு பேர் கேட்டுட்டாங்க, எல்லார் வீட்டு கதையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

## முதல்ல ரெண்டும் என்னன்னு ஒரு வரி

ஃப்ளோட்டர்னா ஒரே ஒரு தொகை, வீட்ல இருக்கிற எல்லாரும் அதுலருந்து எடுத்துக்கலாம். பத்து லட்சம்னா ஒருத்தரே பத்தையும் எடுக்கலாம், இல்ல மூணு பேர் பிரிச்சு எடுக்கலாம், ஆனா மொத்தம் வருஷத்துக்குப் பத்துதான். வீட்டு மொட்டை மாடி தண்ணி டேங்க் மாதிரி, யார் குழாயைத் திறந்தாலும் அதே தண்ணிதான்.

இன்னொண்ணு, ஆளாளுக்குத் தனித்தனித் தொகை. ஒரே பாலிசி பேப்பர்ல ஆறு பேர் பேரும் இருக்கும், ஒரே ரின்யூவல் தேதி இருக்கும், ஆனா ஆறு பேருக்கும் தனித்தனியா பத்துப் பத்து லட்சம். இப்படி ரெண்டு மூணு பேரோ அதுக்கு மேலயோ சேத்து எடுத்தா மொத்த ப்ரீமியத்துல ஃபேமிலி டிஸ்கவுண்ட்னு ஒண்ணு கழிப்பாங்க. அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், நான் கணக்குக்கு 10 சதவீதம்னு வச்சுக்கறேன். கவனிக்க வேண்டியது, இது பாக்க ஒரே பாலிசி மாதிரி இருக்கறதால நிறைய பேர் இதையும் ஃப்ளோட்டர்னு நெனச்சுக்கறாங்க. பாலிசி ஷெட்யூல்ல ஒவ்வொரு பேருக்கும் எதிர்ல தனியா தொகை போட்டிருக்கா, இல்ல மேல ஒரே இடத்துல ஒரே தொகை போட்டிருக்கான்னு பாத்தா தெரிஞ்சுரும்.

## எதை வச்சு எடை போடறது

நான் நாலு விஷயத்தைப் பாப்பேன். இந்த வருஷ ப்ரீமியம் மட்டும் இல்லாம அஞ்சு பத்து வருஷத்துல அது எங்க போயி நிக்கும்ங்கறது ஒண்ணு. மோசமான ஒரு வருஷத்துல ஒருத்தருக்கு நிஜமா எவ்ளோ கிடைக்கும்ங்கறது ரெண்டு. ஒருத்தர் க்ளெய்ம் பண்ணா மத்தவங்களுக்கு என்ன ஆகும்ங்கறது மூணு. நாளைக்குப் பிரிஞ்சு போகணும்னா, அதாவது பையன் பெரியவன் ஆயிட்டான், பொண்ணுக்குக் கல்யாணம், இல்ல கம்பெனியே பிடிக்கலன்னா, எவ்ளோ சுலபமா வெளிய வரலாம்ங்கறது நாலு. மூணாவதையும் நாலாவதையும் ஏஜென்ட் சொல்லவே மாட்டாங்க, ப்ரீமியம் நோட்டீஸ்லயும் வராது.

ஒரு விஷயத்தை இந்தப் பட்டியல்லருந்து எடுத்துட்டேன், வெயிட்டிங் பீரியட், அதாவது பாலிசி எடுத்தும் சில நோய்க்கு க்ளெய்ம் கிடைக்காம காத்திருக்கற காலம். ஏற்கனவே இருக்கற நோய்க்கு அதிகபட்சம் 36 மாசம்தான்னு 2024 ஏப்ரல்லருந்து இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ குறைச்சிட்டாங்க, முன்னாடி 48 மாசம் வரைக்கும் போச்சு. இது ஃப்ளோட்டர்லயும் தனியிலயும் ஒரே மாதிரி ஆளுக்கு ஆள் தனியாத்தான் எண்ணுவாங்க. ஃப்ளோட்டர்ல போன வருஷம் சேத்த ஆளுக்கு எல்லாரோட சேந்து காத்திருப்பு முடிஞ்சிடும்னு நெனச்சா அது தப்பு.

## மச்சான் வீட்டு கணக்கு

மச்சானுக்கு 41, அக்காவுக்கு 36, பசங்க 10 வயசு, 6 வயசு. மச்சானோட அப்பா அம்மாதான் எனக்கு மாமா அத்தை, மாமாவுக்கு 68, அத்தைக்கு 63. எல்லாருக்கும் பத்து லட்சம் கவர்.

கீழ இருக்கற எண்கள் எந்தக் கம்பெனியோட ரேட் சார்ட்டும் இல்ல, கணக்கு புரியறதுக்கு ரவுண்டாப் போட்டது. உங்களுக்குக் கம்பெனி தர்ற ப்ரீமியம் கோட் வேற மாதிரி இருக்கும், ஆனா எது எதை விடக் கூடுது, எங்க கூடுதுங்கற போக்கு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். 2025 செப்டம்பர் 22-லருந்து தனிநபர் ஹெல்த் பாலிசிக்கும் ஃபேமிலி ஃப்ளோட்டருக்கும் ஜிஎஸ்டி கிடையாது, அதுக்கு முன்னாடி 18 சதவீதம் இருந்துச்சு. அதனால பழைய ரசீதையும் புது கோட்டையும் பக்கத்துல வச்சு ஒப்பிடறீங்கன்னா பழசுல வரியைக் கழிச்சுட்டு ஒப்பிடுங்க, இல்லன்னா ரேட் ஏறினதே தெரியாமப் போயிடும்.

தனித்தனி ரேட்: பசங்க ஒவ்வொருத்தருக்கும் 5,500. அக்காவுக்கு 9,000. மச்சானுக்கு 11,000. அத்தைக்கு 32,000. மாமாவுக்கு 40,000.

| எப்படி எடுத்தா | வருஷ ப்ரீமியம் | மொத்த கவர் |
|---|---|---|
| ஆறு பேரும் ஒரே ஃப்ளோட்டர் | 1,12,000 | 10 லட்சம், ஆறு பேருக்கும் பொது |
| ஆறு பேரும் தனித்தனி, 10% டிஸ்கவுண்ட் | 92,700 | ஆளுக்கு 10 லட்சம் |
| நாலு பேர் ஃப்ளோட்டர் + பெரியவங்க தனித்தனி டிஸ்கவுண்ட்டோட | 21,000 + 64,800 = 85,800 | நாலு பேருக்குப் பொதுவா 10, பெரியவங்களுக்கு ஆளுக்கு 10 |
| நாலு பேர் ஃப்ளோட்டர் + பெரியவங்க ரெண்டு பேர் ஃப்ளோட்டர் | 21,000 + 62,000 = 83,000 | 10 + 10 |

இதை எழுதி முடிச்சதும் மச்சான் கவரைக் கையில எடுத்து ரெண்டு தடவை பாத்துட்டு, "அப்போ நாலு வருஷமா நான் அதிகமாக் கட்டி கம்மியா வாங்கிட்டு இருந்தேனா"ன்னு கேட்டாரு. ஆமா. ஆறு பேருக்கும் ஆளுக்குப் பத்து லட்சம் தர்ற பாலிசி, ஆறு பேருக்கும் சேத்து பத்து லட்சம் தர்றதை விட கிட்டத்தட்ட இருபதாயிரம் கம்மி. கேக்கவே விசித்திரமா இருக்கும், அதுக்குக் காரணம் ஒரே ஒரு விதிதான்.

## ஃப்ளோட்டர்: மூத்தவர் வயசுதான் எல்லாருக்கும் வயசு

பெரும்பாலான ஃப்ளோட்டர்ல ப்ரீமியத்தை வீட்லயே வயசு கூடின ஆளோட வயசை வச்சுத்தான் போடறாங்க. ரேட் சார்ட்ல ஒரு பக்கம் மூத்தவரோட வயசு, இன்னொரு பக்கம் ரெண்டு பெரியவங்க ரெண்டு குழந்தைங்கற மாதிரி குடும்ப அமைப்பு, ரெண்டும் சேர்ற கட்டத்துல இருக்கறதுதான் உங்க ப்ரீமியம். மச்சான் வீட்ல மூத்தவர் மாமா, 68. அந்தப் பாலிசியோட கண்ணுக்கு ஆறு வயசுப் பையனும் 68 வயசு வீட்டைச் சேந்தவன்தான். அவனுக்காகத் தனியா 5,500 கட்டினா முடிஞ்சது, ஆனா இந்த ஃப்ளோட்டர்ல அவன் சேரும்போது மாமாவோட ரேட்ல ஒரு பங்கா சேர்றான்.

இதே விதிதான் மச்சான், அக்கா, ரெண்டு பசங்க நாலு பேரையும் மட்டும் எடுத்தா நல்லதாவும் வேலை செய்யுது. அங்க மூத்தவர் 41. தனித்தனியா நாலு பேருக்கும் 31,000, டிஸ்கவுண்ட் போக 27,900. ஃப்ளோட்டர்ல 21,000. வருஷத்துக்கு 6,900 மிச்சம். சின்ன வயசுக் குடும்பத்துல ஒரே வருஷத்துல ரெண்டு பேருக்குப் பெரிய செலவு வர்றது அபூர்வம்ங்கறதாலதான் கம்பெனி இவ்ளோ குறைக்குது. 10 சதவீத டிஸ்கவுண்ட் அந்த இடைவெளிய மூடவே மூடாது.

எல்லாக் கம்பெனியும் இப்படிப் போடறதில்லன்னும் சொல்லணும். சிலர் ஒவ்வொருத்தரோட ப்ரீமியத்தையும் தனித்தனியாப் போட்டுக் கூட்டி, அதுல ஃப்ளோட்டர் டிஸ்கவுண்ட்னு ஒரு சதவீதத்தைக் கழிப்பாங்க. அப்படிப்பட்ட பாலிசில பெரியவங்களைச் சேத்தாலும் மேல சொன்ன அளவுக்கு அடி விழாது. அதனால கோட் வாங்கும்போது கேக்க வேண்டிய முதல் கேள்வி, "இது மூத்தவர் வயசுல போடறதா, ஆளாளுக்குக் கூட்டி கழிக்கறதா?" ஏஜென்ட்டுக்குத் தெரியலன்னா ஒரு சின்ன சோதனை இருக்கு. கோட்லருந்து மூத்தவரை எடுத்துட்டு மறுபடி ஒரு கோட் போடச் சொல்லுங்க. ப்ரீமியம் அவரோட தனி ப்ரீமியத்தை விட அதிகமாக் குறைஞ்சதுன்னா மூத்தவர் வயசுதான் எல்லார் மேலயும் ஏறி உக்காந்திருக்குன்னு அர்த்தம். மச்சான் வீட்ல மாமா அத்தைய எடுத்தா 1,12,000 போயி 21,000 ஆகுது, 91,000 குறையுது, ஆனா அவங்க ரெண்டு பேரோட தனி ப்ரீமியம் 72,000தான். மிச்ச 19,000, நாலு இளவயசுக்காரங்க பெரியவர் பேர்ல கட்டின தண்டம்.

ப்ரீமியத்துக்கு அடுத்தது டேங்க் காலியாகற விஷயம். இதைக் கேட்டா ஏஜென்ட் உடனே "ரெஸ்டோரேஷன் இருக்கு சார், காலியானா மறுபடி ஃபுல் ஆயிடும்"னு சொல்லுவாரு. இருக்கு, நல்ல வசதிதான், ஆனா ஷரத்தைப் படிக்கணும். சில பாலிசில தொகை முழுசாத் தீந்தாத்தான் மறுபடி நிரம்பும், பாதி மிச்சம் இருந்தா நிரம்பாது. சிலதுல அதே நோய்க்கு அதே ஆளுக்குத் தர மாட்டாங்க, வேற நோய்க்கோ வேற ஆளுக்கோதான். பெரும்பாலும் முதல் க்ளெய்மோட பில்லே பத்து லட்சத்தைத் தாண்டிப் போனா அந்த பில்லுக்கு நிரம்பினது உதவாது, அடுத்த க்ளெய்முக்குத்தான். ஃப்ளோட்டர் எடுக்கறவங்களுக்கு இது தனி பாலிசிக்காரங்களை விட முக்கியம், ஏன்னா இங்க டேங்க் ஒண்ணுதான்.

நிஜத்துல டேங்க் காலியாகறது எப்படின்னா, பசங்களுக்கு ஐப்பசி கார்த்திகைல வர்ற டெங்குவால இல்ல. ரெண்டு பேருக்கு டெங்கு வந்து பெட்ல சேத்தாலும் பத்து லட்சம் தாங்கும். பெரியவங்க இருக்கற வீட்லதான் பிரச்சனை. மாமாவுக்குப் போன வருஷம் ஸ்டென்ட் வச்சாங்க, பில் 3,80,000 ஆச்சு. அத்தைக்கு முழங்கால் வலி ரொம்ப நாளா இருக்கு, டாக்டர் ரெண்டு மூட்டையும் மாத்தணும்னு சொல்லிட்டே இருக்காரு. ரெண்டும் ஒரே வருஷத்துல வந்திருந்தா பசங்களுக்கு மிச்சம் இருந்தது ரொம்பக் கம்மி.

அப்புறம் போனஸ். க்ளெய்ம் இல்லாத வருஷத்துக்கு கவர் தொகைய ஏத்தித் தருவாங்கல்ல, அது ஃப்ளோட்டர்ல மொத்தக் குடும்பத்துக்கும் ஒண்ணுதான். மாமாவோட ஸ்டென்ட்டால மச்சான் வீட்ல ஆறு பேருக்கும் அந்த வருஷ போனஸ் நின்னுச்சு. ஆளுக்கொரு பாலிசியா இருந்தா மாமாவோடது மட்டும் நின்னு, மத்த அஞ்சு பேருக்கும் ஏறியிருக்கும். இப்ப சில புது பாலிசில க்ளெய்ம் பண்ணாலும் போனஸ் குறையாதுன்னு தர்றாங்க, உங்களுது அந்த ரகமா இருந்தா இந்தப் பாயிண்ட்டை விட்ருங்க.

## தனித்தனி + டிஸ்கவுண்ட்: எங்க ஜெயிக்குது, எங்க ஏமாத்துது

பெரியவங்க விஷயத்துல இது நேரடியா ஜெயிக்குது. மாமா அத்தை ரெண்டு பேர் ஃப்ளோட்டர் 62,000, தனித்தனி டிஸ்கவுண்ட்டோட 64,800. வித்தியாசம் 2,800 ரூபா. அந்த 2,800-க்கு இன்னொரு பத்து லட்சம் கிடைக்குது, அதுவும் ரெண்டு பேருமே ஒரே வருஷத்துல ஆஸ்பத்திரி போற வாய்ப்பு அதிகமா இருக்கற வயசுல. எனக்கு இதுல யோசிக்கவே ஒண்ணும் இல்ல. நாலு பேர் ஃப்ளோட்டர்ல கிட்டத்தட்ட ஏழாயிரம் மிச்சம் பிடிச்சதுல ஒரு பங்கை இங்க போடலாம்.

வருமான வரியில பழைய முறையில இருக்கறவங்களுக்கு இன்னொரு லாபமும் இருக்கு. 80டி-ல தனக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் 25,000 வரைக்கும், அப்பா அம்மா சீனியர் சிட்டிசனா இருந்தா அவங்களுக்குக் கட்டினதுக்குத் தனியா 50,000 வரைக்கும் கழிக்கலாம். மச்சான் பிரிச்சு எடுத்தா இந்தப் பக்கம் 21,000, அந்தப் பக்கம் 50,000, சுத்தமா வரும். ஆறு பேரும் ஒரே ஃப்ளோட்டர்ல இருந்தா 1,12,000-ல எவ்ளோ அப்பா அம்மாவுக்குன்னு கம்பெனிகிட்ட பிரிச்சு சர்டிஃபிகேட் வாங்கிக்கிட்டு அலையணும். புது வரி முறைன்னா இதெல்லாம் பேச்சே இல்ல. பணத்தை கேஷா கட்டினா எந்த முறையிலயும் கழிவு கிடையாது.

டிஸ்கவுண்ட் எங்க ஏமாத்தும்னா, அது தலை எண்ணிக்கையோட ஒட்டிக்கிட்டு இருக்கு. மூணு பேர் இருந்தாத்தான் 10 சதவீதம்னு ஷரத்து இருந்து, பையன் வேலைக்குப் போயி ஆபீஸ் இன்சூரன்ஸ் போதும்னு விலகிட்டா, அடுத்த ரின்யூவல்ல மிச்சம் இருக்கற ரெண்டு பேருக்கும் டிஸ்கவுண்ட் போயிடும். வயசும் அப்பதான் ஏறியிருக்கும். அதே மாதிரி ஒருத்தரை மட்டும் வேற கம்பெனிக்கு மாத்தினாலும் மிச்ச பேரோட டிஸ்கவுண்ட் பாதிக்கும். ஆக அந்தப் பத்து சதவீதம் கம்பெனி நம்மளைக் கட்டிப்போடற கயிறும்தான். அதனால பெரியவங்க ரெண்டு பேருக்கு எடுக்கும்போது "ரெண்டு பேருக்கே இந்த டிஸ்கவுண்ட் உண்டா, இன்னைக்கு மட்டுமா ஒவ்வொரு ரின்யூவல்லயுமா"ன்னு கேட்டு ப்ரோஷர்ல அந்த வரிய காட்டச் சொல்லுங்க.

சின்னக் குழந்தைகளுக்குத் தனியா மட்டும் பல கம்பெனி பாலிசி தர மாட்டாங்க, அப்பாவோ அம்மாவோ அதே பாலிசில கூட இருக்கணும். அதனால பசங்களுக்குத் தனித்தனின்னு யோசிக்கறது பெரும்பாலும் வீண் வேலை.

தனி பாலிசியோட நிஜமான லாபம் லோடிங்ல தெரியும். சுகர், பிபி இருந்தா கம்பெனி ப்ரீமியத்து மேல ஒரு சதவீதம் ஏத்துவாங்க. தனியா இருந்தா அந்த ஆளோட ப்ரீமியம் மட்டும் ஏறும். ஃப்ளோட்டர்ல சில கம்பெனி மொத்த ப்ரீமியத்துலயே ஏத்துறாங்க, சில கம்பெனி அந்த ஆளோட பங்குல மட்டும். 11,000-ல 25 சதவீதம்னா 2,750. நாலு பேர் ஃப்ளோட்டர் 21,000-ல 25 சதவீதம்னா 5,250. லோடிங் லெட்டர் வரும்போது சதவீதத்தை மட்டும் பாக்காம அது எந்தத் தொகை மேல போட்டிருக்குன்னும் பாருங்க.

## புருஷன் பொண்டாட்டிக்குள்ள வயசு வித்தியாசம் எவ்ளோ

பசங்க வெளிய போனதுக்கு அப்புறம் ரெண்டு பேர் மட்டும் இருக்கற கட்டம்தான் பலருக்கும் குழப்பம். இங்க ஒரு சின்ன கணக்கு.

அவருக்கு 56, அவங்களுக்கு 54. தனி ரேட் 24,000-உம் 19,000-உம்னு வைங்க, டிஸ்கவுண்ட் போக 38,700. ரெண்டு பேர் ஃப்ளோட்டர் 37,200. வித்தியாசம் 1,500. இங்க நான் தனித்தனிதான் எடுப்பேன், காசு கொஞ்சம் இறுக்கமா இருந்தா ஃப்ளோட்டர் எடுக்கறதும் தப்பில்ல.

இப்ப அவருக்கு 56, அவங்களுக்கு 44. அவங்க தனி ரேட் 11,000. தனித்தனி டிஸ்கவுண்ட் போக 31,500. ஃப்ளோட்டர் மூத்தவர் வயசுலதானே, அதே 37,200. ஏஜென்ட் சொன்ன "எப்பவுமே சீப்பு" இங்க உடைஞ்சு போச்சு. வயசு வித்தியாசம் பத்து வருஷத்துக்கு மேல இருந்தா கண்ணை மூடிக்கிட்டு ஃப்ளோட்டர் எடுக்காதீங்க, ரெண்டு கோட்டும் வாங்கி வச்சுப் பாருங்க.

நிறைய சார்ட்ல வயசு அஞ்சு அஞ்சு வருஷக் கட்டமா இருக்கும், 41லருந்து 45, 46லருந்து 50ன்னு. ஃப்ளோட்டர்ல மூத்தவர் 46 தொட்ட ரின்யூவல்ல மொத்த ப்ரீமியமும் ஒரே தாவாத் தாவும், மத்தவங்க யாரும் கட்டம் மாறலன்னாலும். பத்து வருஷத்துக்கு அப்புறம் நெலம என்னன்னு பாக்க கோட்ல உங்க வயசை மட்டும் பத்து கூட்டிப் போட்டு இன்னொரு தடவை பாருங்க, இன்னைய சார்ட்லயே எவ்ளோ ஏறுதுன்னு தெரியும். அறுபது தாண்டினவங்களுக்கு மட்டும், வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல ஏத்தணும்னா ஐஆர்டிஏஐகிட்ட முன்கூட்டியே கலந்து பேசணும்னு 2025 ஜனவரில ஒரு உத்தரவு வந்திருக்கு, அது ஒரு சின்ன தடுப்பு.

## சேந்து இருக்கறதைப் பிரிக்கும்போது யாரை வெளிய எடுக்கறது

இதுலதான் மச்சான் தப்பு பண்ணப் பாத்தாரு. கணக்கைப் பாத்ததும் "சரி, அப்பா அம்மாவை இதுலருந்து எடுத்துட்டு வேற நல்ல கம்பெனில தனியாப் போட்டுடறேன்"னாரு. நான் பேனாவை வச்சுட்டேன். ஸ்டென்ட் வச்ச 68 வயசு மனுஷனை எந்த புது கம்பெனியும் ஏத்துக்கணும்னு கட்டாயம் இல்ல. பாலிசியை வேற கம்பெனிக்கு மாத்தறதுக்கு போர்ட்டபிலிட்டின்னு பேரு, அதுல வெயிட்டிங் பீரியட்ல முடிஞ்ச வருஷங்கள் கூட வரும்ங்கறதுதான் உரிமை, ஆனா உள்ள எடுக்கறதா வேண்டாமாங்கறது புது கம்பெனியோட முடிவு, முடியாதுன்னு சொல்லலாம். இங்க பேரை எடுத்துட்டு அங்க முடியாதுன்னு லெட்டர் வந்தா, நடுத்தெருவுல நிக்கறது மாமாதான்.

ஆக வெளிய போக வேண்டியது பெரியவங்க இல்ல, நல்ல ஆரோக்கியத்துல இருக்கற நாலு பேர். பழைய பாலிசில நாலு வருஷம் முடிஞ்சிடுச்சு, மாமாவுக்கும் அத்தைக்கும் எல்லா காத்திருப்பும் தீந்தாச்சு. அஞ்சு வருஷம், அதாவது 60 மாசம் தொடர்ந்து கட்டி முடிச்சா, மோசடின்னு நிரூபிச்சா ஒழிய, நீ நோயை மறைச்சன்னு சொல்லி க்ளெய்மை மறுக்க முடியாதுன்னு விதி, அதுக்கு இன்னும் ஒரே வருஷம்தான் பாக்கி. அந்த பாலிசி நம்பர்லயே அவங்க ரெண்டு பேரும் இருக்கட்டும். மச்சான், அக்கா, பசங்க நாலு பேரும் புது ஃப்ளோட்டருக்கு போர்ட் ஆகட்டும், அவங்களை வேண்டாம்னு சொல்ல கம்பெனிக்குப் பெரிய காரணமும் இருக்காது.

போர்ட் பண்ணும்போது கூட கொண்டு போற வருஷங்கள் பழைய கவர் தொகை அளவுக்குத்தான். பத்து லட்சத்துலருந்து பதினஞ்சுக்கு ஏத்தினா மேல இருக்கற அஞ்சுக்கு காத்திருப்பு புதுசாத் தொடங்கும். புது பாலிசி கைக்கு வர்ற வரைக்கும் பழசுலருந்து யார் பேரையும் எடுக்கச் சொல்லி மெயில் அனுப்பக்கூடாது, இதை அவர்கிட்ட மூணு தடவை சொன்னேன்.

இன்னொரு வழியையும் பேசினோம். ரெண்டு பெரியவங்களுக்கும் ஆளுக்குப் பத்து லட்சத்துக்கு 64,800 கட்ட முடியலன்னா, இருக்கற ஃப்ளோட்டரை அப்படியே வச்சுக்கிட்டு அதுமேல ஒரு சூப்பர் டாப் அப். பத்து லட்சம் வரைக்கும் அடி பாலிசி, அந்த வருஷத்துல அதுக்கு மேல போற செலவு டாப் அப்ல. ஆனா டாப் அப்புக்கும் மெடிக்கல் பாப்பாங்க, ஸ்டென்ட் கதை அங்கயும் வரும், கிடைச்சாலும் அதுக்கு காத்திருப்பு முதல்லருந்து. இளவயசுக்காரங்க இதை முன்னாடியே எடுத்து வச்சுக்கறதுதான் புத்திசாலித்தனம், நாலு பேர் ஃப்ளோட்டரோட பெரிய குறையே டேங்க் சின்னதுங்கறதுதான், அதை சூப்பர் டாப் அப் கம்மி காசுல சரி பண்ணிடும்.

மாமா அத்தைய ரெண்டு பேர் ஃப்ளோட்டரா விடறதா, அதே கம்பெனிக்குள்ளயே தனித்தனியா மாத்தறதாங்கறது மட்டும் பாக்கி இருந்துச்சு. அதுக்கு அந்தக் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டோம், மூணே கேள்வி: தனித்தனியா மாத்தினா நாலு வருஷக் கணக்கு அப்படியே வருமா, புதுசா மெடிக்கல் கேப்பீங்களா, ரெண்டு பேருக்கு டிஸ்கவுண்ட் ஒவ்வொரு வருஷமும் உண்டா. பதில் எழுத்துல வந்தாத்தான் மாத்தறது, ஃபோன்ல சொன்னா மாத்தறதில்லன்னு முடிவு. மாமா பக்கத்துல ஊஞ்சல்ல உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருந்தாரு, கடைசில, "என்னால ஒரு பிள்ளைக்கு ஐயாயிரம் கூட ஆகுதுன்னா என்னைய எடுத்துடுங்கப்பா"ன்னாரு. அத்தை "சும்மா இருங்க, உங்களைத்தான் எடுக்கக்கூடாதுன்னு மாப்பிள்ளை சொல்லிக்கிட்டு இருக்காரு"ன்னு அதட்டுனாங்க.

ரின்யூவல் பிப்ரவரி 18. போர்ட் அப்ளிகேஷனை ரின்யூவலுக்கு 60 நாளைக்கு முன்னாடிக்கும் 45 நாளைக்கு முன்னாடிக்கும் நடுவுல கொடுக்கணும், அதாவது டிசம்பர் 20-லருந்து ஜனவரி 4-க்குள்ள. அக்கா அடுப்படில தொங்கற தினசரி காலண்டர்ல டிசம்பர் 20 சீட்டை நுனில மடிச்சு வச்சிருக்காங்க.